பேத்திக்குப் படுக்கவைத்த பாட்டில்கள்

தெருவில் அவருக்குப் பேர் ஐஸ்வண்டி. வாலிபம் முழுக்கக் குளிர்லாரி ஓட்டியவர். பூ, மீன், மருந்து, சீஸ், ஒயின் என்று ஏற்றாத சரக்கில்லை. பின்னால் இருக்கிற பெட்டிக்குள் எவ்வளவு குளிர் என்பதை முதுகாலேயே சொல்லிவிடுவார் என்று கூட ஓட்டினவர்கள் கேலி பேசுவார்கள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்றைக்கு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையின் காது மடல் ஊறவைத்த பருப்புத் தோல் மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. "என்னைப் பாத்த உடனே தூக்கம் வந்துடுச்சு அவளுக்கு. நம்ம பாசம் அப்படி," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இவளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்துத்தான் ஒயின் கடைக்குப் போய் நின்றார். பேத்திக்கு இருபத்தொன்று ஆகும்போது திறக்கிற மாதிரி வாங்கி வைக்க வேண்டும். தான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

கடைக்காரம்மா அவருக்குப் பழக்கம்தான். எத்தனையோ தடவை அவள் கடைப் பின்வாசலில் லாரியை நிறுத்திச் சரக்கு இறக்கியிருக்கிறார்.

"பாப்பா பொறந்த வருஷத்து ஒயினா குடும்மா."

"நல்லா கேட்டீங்க போங்க. இந்த வருஷத்துத் திராட்சை இன்னும் பீப்பாயைக்கூட விட்டு எறங்கல. வச்சுக் குடிக்கிற சிவப்பு ஒயின் கடைக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆவும். அப்ப வாங்க, எடுத்து வைக்கிறேன்."

"அப்ப நான் இருக்கணுமே."

"அந்தப் பேச்செல்லாம் என் கடையில விக்கிறதில்ல." அவள் அலமாரிகளைக் காட்டினாள். "இங்க இருக்கிறதுல முக்கால்வாசி வாங்குன சூட்டோட குடிச்சுட வேண்டியது. வச்சா கெட்டுத்தான் போவும், பெருசா ஒண்ணும் ஆவாது. விலை ஜாஸ்தின்னா நாள்பட நிக்கும்னும் இல்ல. துவர்ப்பு வேணும், புளிப்பு வேணும், இல்ல நல்ல இனிப்பு வேணும். அதுங்கதான் ஒயினைத் தூக்கிக்கிட்டு நடக்கும்."

ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தாள். வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா இது, வாயைத் தைக்குது."

"அதான் வேணும். இன்னிக்கு வாயைத் தைக்கிறவன்தான் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சுப் பட்டு மாதிரி இருப்பான். இன்னொண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஒத்தையா வாங்காதீங்க, மூணு வாங்குங்க. ஒண்ணை நடுவுல தொறந்து பாத்தாத்தான் மத்த ரெண்டும் எந்த நெலமையில இருக்குன்னு தெரியும்."

கேபர்னே என்கிற சிவப்பு மூன்று, நெபியோலோ என்கிற திராட்சையில் செய்த சிவப்பு மூன்று, ரீஸ்லிங் என்கிற இனிப்பான வெள்ளை மூன்று, நெடுநாள் கிடக்கிற விண்டேஜ் போர்ட் மூன்று. நல்ல வருஷமாகப் பார்த்து அவளே எடுத்துக் கொடுத்தாள். இருட்டு, ஆட்டம் இல்லாத இடம், ஏறி இறங்காத குளிர், இந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பன்னிரண்டு பதிமூன்று டிகிரி இருந்தால் உத்தமம். ஒன்றிரண்டு கூடினாலும் ஒரே நிலையில் நின்றால் போதும். பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், கார்க்கு காயக்கூடாது.

வீட்டில் அப்படி ஓர் இடம் இருந்தது. அதுதான் சிக்கல்.

வடக்குப் பார்த்த கடைசி அறை. தடிமனான சுவர், ஒரே ஜன்னல், குளிர் ஊர் வேறு, எப்போதும் சில்லென்று கிடக்கும். அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்த அறை அது. எப்போதும் குளிருது குளிருது என்பாள். காலடியில் சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தைப்பாள். அவள் போனதிலிருந்து அந்தக் கதவு மூடியே கிடந்தது. அவரும் போகவில்லை, மகளும் போகவில்லை. அம்மா பேச்சை எடுத்தாலே மகளுக்குக் கண் நிறைந்துவிடும். அதனால் வீட்டில் அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று.

அவர் கதவைத் திறந்தபோது மெஷின் எண்ணெயும் முகப்பவுடரும் கலந்த வாசம் இன்னும் இருந்தது. பாட்டில்களைப் படுக்கவைக்கக் குழி வெட்டிய மரச்சட்டத்தைச் சுவரோரம் நிறுத்தினார். மேல் வரிசைக்கு அ, அடுத்ததற்கு ஆ, இப்படி எழுத்து. இடமிருந்து வலமாக எண். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஓர் அட்டை: பேர், எந்த வருஷத்து ஒயின், வாங்கிய நாள், எந்தக் குழி, எப்போதிலிருந்து எப்போதுக்குள் திறக்க வேண்டும். பாட்டிலை உருவாமலே படிக்கிற மாதிரி எழுத்தை வெளிப்பக்கம் பார்க்கத் தொங்கவிட்டார். அதையே போனிலும் ஏற்றிக்கொண்டார். ஒன்றைத் திறந்தால் அட்டையைக் கழற்றிக் கம்பியில் கோக்க வேண்டும், போனில் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் இருக்கிறது என்று நினைத்து இல்லாததைத் தேடுவோம் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தாள்.

கடைசியாகத் தன் பழைய லாகரைச் சட்டத்தின் மேல் வைத்தார். சரக்கோடு போடுகிற தீப்பெட்டி அளவுக் கருவி அது. எந்த நேரத்தில் எவ்வளவு சூடு ஏறிற்று என்று போனில் கோடு போட்டுக் காட்டும். டிரைவர் பொய் சொல்வான், லாகர் சொல்லாது என்பது அவர் தொழிலில் வேதவாக்கு.

பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த மகளிடம், "அந்த ரூமைத் தொறந்துடாதம்மா. வெளிச்சம் பட்டாலே போச்சு," என்றார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி தலையாட்டினாள்.

கோடு சில நாள் ஓடை மாதிரி நேராகப் போயிற்று. பதினைந்து டிகிரி. பிறகு ஒரு நாள் பார்த்தால் மத்தியானத்தில் ஒரு மேடு. மறுநாளும் மேடு. மெல்ல ஏறி இருபத்திரண்டில் நின்று மெல்ல இறங்கியிருந்தது.

லாரிக் கதவைத் திறந்தால் கோடு இப்படி ஏறாது, சடாரென்று முள்ளாகக் குத்தும். இது வேறு. உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து அறையைச் சூடாக்கிவிட்டு எழுந்து போன மாதிரி. டாக்டர் சொன்னபடி அவர் நடக்கப் போகிற நேரம் அது. மனைவி தைக்க உட்காருகிற நேரமும் அதுதான்.

உள்ளே போய்ப் பார்த்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி. ஆனால் ஆ வரிசையில் இரண்டு அட்டைகள் எழுத்து சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தன. பவுடர் வாசம் முதல் நாளைவிடக் கூடியிருந்தது. அவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. முப்பது வருஷம் குளிரை முதுகில் சுமந்தவருக்கு இந்தக் குளிர் புதுசு.

"குளிருதாடி?" என்று கேட்டுவிட்டார். தன் குரலைத் தானே கேட்டதும் வெட்கமாகிக் கதவைச் சாத்தினார்.

மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். பயம் ஒரு பக்கம், அந்த மேட்டைப் பார்க்காமல் இருக்க முடியாத ஆசை இன்னொரு பக்கம். சாப்பிடும்போதுகூடப் போனைத் திறந்து பார்த்தார். இப்படி தினம் ஏறி இறங்கினால் ஒயின் பாழாகும் என்று தெரியும். பேத்திக்கென்று வைத்தது. கிழவி வந்து உட்காருவதற்காக அதை விடுவதா, ஒயினுக்காக அவளை விரட்டுவதா? கடைக்குப் போய்ச் சுற்றி வளைத்தார்.

"மத்தியானத்துல மட்டும் சூடு ஏறுதும்மா."

"வெயில் விழுதா?"

"வடக்கு ஜன்னல்."

"அப்ப யாரோ உள்ள இருக்காங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, "உக்காருங்கண்ணே, தண்ணி தரேன்," என்றாள்.

அடுத்த நாள் நடக்கக் கிளம்பிப் பாதியிலேயே திரும்பிவிட்டார். வாசலுக்குள் கால் வைக்கும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தடதடவென்று, நடுவில் கொஞ்சம் தயங்கி, திரும்பத் தடதடவென்று. மிதிமெஷின். அவருக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினார்.

ஜன்னல் திரை ஒதுங்கியிருந்தது. ஹீட்டர் சிவந்து எரிந்தது. மெஷின் முன்னால் அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒருத்தி, தோளில் பழைய பூப்போட்ட சால்வை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. ஊசியில் நூலும் இல்லை, அடியில் துணியும் இல்லை.

கதவு சுவரில் போய் இடித்தது.

அவள் திரும்பினாள். மகள். மடியில் குழந்தை, மெஷினின் அதிர்வில் கன்னம் குலுங்க வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"கத்தாதீங்கப்பா. இப்பதான் தூங்குனா."

"நீயா?"

"வேற யாரு? ராத்திரி பகல்னு இல்லாம அழுதா. தோள்ல போட்டேன், தொட்டில்ல போட்டேன், ஒண்ணுக்கும் மசியல. ஒரு நாள் சும்மா உள்ள வந்து மிதிச்சுப் பாத்தேன். அடங்கிட்டா. நானும் இந்தச் சத்தத்துலதான தூங்குவேனாம், அம்மா சொல்லும்." சால்வை நுனியால் குழந்தையின் தலையை மூடினாள். "ஒயின் கெட்டுடும்னு துண்டைப் போட்டு மூடித்தான் வச்சேன். சொன்னா வேணாம்பீங்க. அம்மா பவுடரையும் கொஞ்சம் போட்டுக்கிட்டேன். அந்த வாசனைக்கு நானே அடங்கிடறேன்."

துண்டு உரசித்தான் அட்டைகள் திரும்பியிருக்கின்றன. வெளிச்சம், சூடு, ஆட்டம், மூன்றும் ஒரே அறையில். கடைக்காரம்மா பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். அவர் சுவரோரம் கிடந்த பழைய கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். உள்ளுக்குள் ஏதோ ஒன்று கலைந்து போயிற்று. வந்து போனவள் மனைவி இல்லை.

"தினமுமா வந்த?"

"தினமும். தடுப்பூசி போட்ட அன்னிக்கு மட்டும் இல்ல. அன்னிக்குப் பூரா ஆஸ்பத்திரியிலதான இருந்தோம்."

அவர் போனை எடுத்தார். அந்த நாளிலும் மேடு இருந்தது. மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. அவளிடம் காட்டவில்லை. ஹீட்டரை முந்தின நாள் அணைக்க மறந்திருப்பாள். இருக்கலாம். போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் இனிமே வரலப்பா. வேற எப்படியாவது தூங்க வைக்கிறேன்."

"நீ மிதி. நிறுத்துனா முழிச்சுக்கப்போறா," என்றார்.

பாட்டில்களை ஒவ்வொன்றாக, ஆட்டாமல், படுத்தவாக்கிலேயே எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருட்டுக்குக் குறைவில்லை, ஆட்டமும் இல்லை. குளிர்தான் போதாது. கோடையில் இருபதைத் தொடும். கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"இருபதா? ஒரே நாள்ல ஏறி எறங்காம மெதுவா ஏறுனா பரவாயில்ல. ஆனா அண்ணே, சூட்டுல கெடந்தா சீக்கிரம் வயசாயிடும். இருபத்தொரு வருஷம்லாம் சிவப்பு தாங்காது. பத்துக்குள்ள தொறந்துடுங்க. ரீஸ்லிங்கும் அப்படித்தான். போர்ட் கெட்டிக்காரன், அவன் மட்டும் நிப்பான்."

"பத்துன்னா பாப்பாவுக்குப் பத்து வயசு. மோந்து பாக்கத்தான் குடுக்கலாம்."

"அவ மோந்து பாக்கட்டும், நீங்க குடிங்க. அப்ப நீங்க இருப்பீங்கல்ல?"

"இருந்தாலும் இருப்பேன்," என்றார்.

அலமாரி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அட்டைகளைக் கழற்றினார். போர்ட்டில் இடத்தை மட்டும் மாற்றினார், வருஷத்தைத் தொடவில்லை. மற்ற ஒன்பதிலும் இடத்தை அடித்து, வருஷத்தை அடித்து, கிட்டத்து வருஷத்தை எழுதினார். தான் இருக்கக்கூடிய வருஷம். கடைசி அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் மிதிக்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்காமல், அடுத்த அட்டையை எடுத்தார்.