சொல்லி அனுப்பியது

பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய வாரம் வரவேற்புக் குறிப்பு வாட்ஸப்பில் வந்தது. "அன்புள்ள பயிலுநரே, உங்கள் புதிய பயணத்துக்கு வாழ்த்துகள்" என்று ஆரம்பம். பயணம் என்றால் எனக்குக் கீழ்வேளூரில் பஸ் ஏறித் திருவாரூரில் இறங்குவது. அதற்கே உட்கார இடம் கிடைக்காது.

திருவாரூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் அந்தப் பயிற்சி நடந்தது. கோடிங் தெரியாதவர்களுக்கு, இலவசமாக, பன்னிரண்டு வாரம். படிப்பை விட்டுப் பல வருஷம் ஆன பெண்களும் சேரலாம் என்று போட்டிருந்ததால் சேர்ந்தேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். ஊரில் குத்தகை நிலத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். அவருக்கு அதை மனைகளாகப் போட்டு விற்கும் ஆசை வந்து ரொம்ப நாளாயிற்று. ஒரு போகம் நாங்கள் தரிசாகப் போட்டால் போதும், அதைச் சாக்காக வைத்துக் குத்தகையிலிருந்து இறக்கிவிடுவார். இந்தப் பக்கத்து நிலத் தகராறுகள் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். கையில் வேறொரு வேலை இருந்தால் அந்த ஆளைப் பார்த்து நெஞ்சு படபடக்காது என்று நினைத்தேன். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டும் தஞ்சாவூரில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிடும் என்று அந்தக் குறிப்பிலேயே இருந்தது. எனக்கு வேண்டியது அந்த ஒரு காகிதம்தான்.

குறிப்பை நான் சரியாகப் படிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. மூன்று தடவை படித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு. காலை ஒன்பதரைக்கு ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கையெழுத்து. ஒன்று விட்டால் அரை நாள் போச்சு. எண்பது சதவீத வருகை வேண்டும், பயிற்சிகள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்க வேண்டும், கடைசி வாரம் சொந்தமாக ஒரு இணையப் பக்கம் செய்து எல்லோர் முன்னும் காட்ட வேண்டும். வருகை மட்டும் குறைந்தால் பங்கேற்புச் சான்றிதழ்தான், அதற்கு நேர்முகம் கிடையாது. விடுப்பு எடுப்பவர் ஒன்பது மணிக்குள் தமது எண்ணிலிருந்து ஒருங்கிணைப்பாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பியவர்கள் விட்ட வகுப்பைச் சனிக்கிழமை ஈடுகட்டலாம். சொல்லாமல் எடுத்த விடுப்புக்கு ஈடு கிடையாது.

எல்லாம் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடில் ஒரே ஒரு புள்ளியை விட்டதற்குக் கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டும். ஆனால் அந்தப் புள்ளியை வைத்ததும் பழசை மனசில் வைத்துக்கொள்ளாது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அப்படி யாரும் இல்லை.

பாதியில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். எங்கள் நிலம் கடைமடை, வாய்க்காலின் கடைசி. முறை நாளில் மடையில் ஆள் நிற்காவிட்டால் மேலே இருப்பவர்கள் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்துவிடுவார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் பயிரும் காய்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் முறை வரும், அன்றெல்லாம் நான் மடையில் நின்றேன். என்னோடு அதே பஸ்ஸில் வகுப்புக்கு வரும் பெண்ணிடம், "இன்னைக்குத் தண்ணி முறைன்னு ஒருங்கிணைப்பாளர் மேடத்துகிட்ட சொல்லிடும்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவளும் தவறாமல் சொன்னாள். சாயங்காலம் போனில், "சொல்லிட்டேன்க்கா, சரின்னாங்க" என்பாள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். என் அம்மா நடவுக்குப் போகும் ஆள். ஒரு நாள் போக முடியாவிட்டால் கூடப் போகிறவளிடம் சொல்லி அனுப்புவாள். நேரே போய் "நாளைக்கு வரமாட்டேன்" என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னால் அது திமிர். சொல்லி அனுப்புவதுதான் மரியாதை. ஒருங்கிணைப்பாளர் எண்ணுக்கு நானே செய்தி போடுவது எனக்குக் கூசியது. குறிப்பில் இருந்ததை, போனில் சொல்லக் கூச்சப்படாதவர்களுக்கான ஒரு வழி என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி வாரம் என் பக்கத்தைக் காட்டினேன். வாய்க்கால் முறைக்கு ஒரு நாள்காட்டி. ஊர்ப் பெயரைத் தொட்டால் அடுத்த முறை என்றைக்கு என்று வரும். கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள், நல்ல பெண்.

"அக்கா, உங்க அட்டெண்டன்ஸ் எழுபத்தாறு பெர்சென்ட்தான் வருது."

"நான் லீவு சொல்லியிருந்தேனேம்மா. சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"நீங்க சொல்லலக்கா. அந்தப் பொண்ணு சொன்னுச்சு. உங்க நம்பர்லேர்ந்து வரணும்னு குறிப்புல இருக்குல்ல? ஆடிட்ல அதைத்தான் கேப்பாங்க."

"சொல்லி அனுப்புனேன்ல?"

"சொல்லி அனுப்புனது கணக்குல வராதுக்கா. எழுத்துல இருக்கணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கோ கோபம்தான் வந்தது, அவள் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. அவளிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. பங்கேற்புச் சான்றிதழை வாங்கிப் பைக்குள் மடித்து வைத்தேன். என் சேதியைச் சுமந்த பெண்ணுக்கு முழுச் சான்றிதழ் கிடைத்தது, தஞ்சாவூர் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. இனிப்பு கொண்டுவந்து கொடுத்து, "நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்க்கா" என்று அழுதாள். சொன்னாள்தான். அவளைத் தேற்றி அனுப்புவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

அடுத்த பயிற்சி அணியில் மறுபடி சேர்ந்தேன். அதே குறிப்பு, அதே வாழ்த்து, அதே பஸ். வாய்க்கால் முறை முதலில் வந்த அன்று மடையில் கால் புதைய நின்றுகொண்டு, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நானே தட்டினேன்: "இன்று தண்ணீர் முறை. வர இயலாது." மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம், கீழே "சனிக்கிழமை வாங்கக்கா". அவ்வளவுதான். இந்த ஒரு விரலுக்காகவா ஒரு வேலையை விட்டேன் என்று வாய்விட்டுத் திட்டினேன். வாய்க்காலில் ஒரு கொக்கு மட்டும் திரும்பிப் பார்த்தது.

அந்த அணி முடிவதற்கு முன்பே நிலத்துக்காரரின் காரியஸ்தர் வந்தார். வண்டி இன்ஜினை நிறுத்தாமலே பேசினார்.

"ஐயா சொல்லி அனுப்பிச்சாரும்மா. அடுத்த போகத்துக்கு நீங்க வயல்ல இறங்க வேணாமாம்."

இதே மாதிரி ஒரு சொல்லுக்குத்தான் என் அப்பா ஒரு நிலத்தை விட்டு இறங்கினார். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. பெரியவர் சொல்லி அனுப்பினால் அது முடிந்த முடிவு என்று இருந்த மனிதர். நான் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லி அனுப்புனது கணக்குல வராதுங்க" என்றேன். "எதுக்காக இறக்குறாருன்னு ஐயாவையே எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. நான் ரெவின்யூ ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டிக் கேட்டுக்கறேன்."

அவர் வண்டியை அணைத்தார். பிறகு, "சரிம்மா, சொல்றேன்" என்று திரும்பிப் போனார்.

அந்த எழுத்து இன்றுவரை வரவில்லை. அடுத்த போகத்துக்கு நாற்று விட்டிருக்கிறேன்.