சேலை டிசைனும் நகராத லேப்டாப்பும்

திருப்பரங்குன்றத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த காலம். ஒருநாள் காலையில் கடையைத் திறந்ததுமே, சேலைக்கு பார்டர் டிசைன் வரையும் ஒருவர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்.

“அண்ணே, சுவிட்சைப் போட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் முழிக்க மாட்டேங்குது. மத்தியானம் சென்னை வியாபாரி வாராரு. டிசைன் அம்புட்டும் இதுலதான் இருக்கு.”

“வேற காப்பி வச்சிருக்கீங்களா?”

“இல்லண்ணே. இன்னொரு கடையில எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் அடிக்கணும்னாங்க. பயந்துபோய்த் தூக்கிட்டு வந்துட்டேன்.”

வாங்கி சுவிட்சைப் போட்டேன், வெகுநேரம் கழித்துத்தான் திரை வந்தது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. டிஸ்க்கே சாகப்போகிறதோ என்று காதை வைத்துக் கேட்டேன். டக் டக் சத்தம் இல்லை. முதல் வேலையாக டிசைன்களை என் வெளி டிஸ்க்குக்கு காப்பி போட்டேன். அந்தப் பச்சைக் கோடு நகர்ந்த வேகத்துக்கு எறும்பே முந்திவிடும். நடுவில் அவருக்கு போன் வந்தது. தமிழ் அல்லாத தன் வீட்டு பாஷையில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, குரலில் இருந்த நடுக்கம் மட்டும் புரிந்தது.

காப்பி முடிந்த பிறகுதான் மூச்சு விட்டேன். அப்புறம் திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசைகட்டி நின்ற குட்டிப் படங்களைப் பார்த்தேன். அதில் ஆன்டிவைரஸே இரண்டு.

“இது என்னண்ணே, ரெண்டு?” என்று கேட்டேன்.

“போன கடையில எல்லாம் ஆளுக்கொண்ணு போட்டுவிட்டாங்க. ரெண்டு பூட்டு இருந்தா நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா நீங்க ஒரு ஃபைலைத் திறந்தா ரெண்டும் போட்டி போட்டுச் சோதிக்குது. நீங்க வாசல்லயே நிக்கிறீங்க.”

ஒன்றை நீக்கினேன். பட்டனை அழுத்தியதும் தானாக எழும் சாட், பாட்டு, பிரிண்டர் புரோகிராம்களை ஸ்டார்ட்அப் பட்டியலில் டிக் எடுத்து நிறுத்தினேன். சி டிரைவைப் பார்த்தால் மூச்சுவிட இடமில்லை. டி டிரைவோ காலி மனை. கண்முன்னால் இருக்கட்டும் என்று எல்லா டிசைனையும் டெஸ்க்டாப்பிலேயே குவித்திருந்தார். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தானே அடக்கம். இடமில்லாததால் விண்டோஸ் அப்டேட் பின்னால் இருந்துகொண்டு பாதியில் தோற்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, டிசைன்களை டி-க்கு மாற்றி, ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரை கறுத்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

சட்டென்று எழுந்தது. மயில் பார்டர் ஒரே கிளிக்கில் திறந்தது.

“அப்டேட் பாக்கி இருக்கு. வியாபாரம் முடிஞ்சதும் கொண்டுவாங்க, முழுசா ஏத்தி விடுறேன்” என்றேன்.

“சரிண்ணே, வாரேன்” என்றவர், அணைக்கவும் பயந்து, மூடவும் பயந்து, திறந்த லேப்டாப்பை அப்படியே மடியில் வைத்து ஆட்டோவில் போனார். பழைய பேட்டரி தாங்குமா என்று சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் போன் வந்தது.

“அண்ணே, எல்லாம் பாத்துட்டாரு. மயிலுக்குக் கழுத்தை மட்டும் சின்னதாக்கச் சொல்றாரு.” கொஞ்சம் தயங்கினார். “இப்ப இதை மூடலாமாண்ணே?”