மாமாவின் ‘அடங்கிடும்’

அக்காவின் கணவர் இறந்த அன்று, அவர் வேலை பார்த்த மருத்துவமனைச் சமையலறையிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். “ஒருத்தரையும் பட்டினி போடாத மனுஷன்” என்று மூத்த சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா அந்தச் சமையலறையின் மேலாளர். நான் அதே மருத்துவமனையில் உணவு ஆலோசகன். யார் யாருக்கு என்ன சாப்பாடு என்று நான் எழுதுவேன். அது எப்போது போய்ச் சேரும் என்பதை மாமாவின் சோம்பல் முடிவு செய்யும். தட்டு வண்டிகள் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவர் காய்கறிக்காரனோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். வார்டில் அழைப்பு மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறும். நர்ஸ்கள் போன் செய்தால் அவர் சொல்லும் ஒரே வார்த்தை, “அடங்கிடும்.” அதுவே அவர் பட்டப்பெயரும் ஆயிற்று.

வெட்கக்கேடு என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்குமேல் மணிகள் ஓய்ந்துவிடும். தாமதமாகப் போன தட்டுகள் பாதிச் சாப்பாடு மிஞ்சித் திரும்பி வரும். “பாத்தியா மச்சான், யாருக்கும் பசியே இல்ல. நேரத்துக்குப் போட்டிருந்தா வீணா தின்னிருப்பானுங்க” என்று என்னிடமே வந்து மார்தட்டுவார். கண்டுபிடிப்பு செய்துவிட்ட களிப்பு.

ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். வயிறு கிரெலின் என்று ஒரு சுரப்பை விடுகிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ரத்தத்தில் ஏறும், பசி கிள்ளும். சாப்பிட்டால் இறங்கும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கும்; அடுத்த சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ஏறும். பழகிய நேரத்துக்கு வந்து கதவைத் தட்டும் ஆள் மாதிரி அது. திறக்காவிட்டால் போய்விடும், வந்த வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை.

மாமா பல் குத்திக்கொண்டே கேட்டார். “அதத்தானே நானும் சொல்றேன். தானா எறங்கிடும்ல?” என்றார். படிப்பைத் தன் சோம்பலுக்குச் சாட்சியாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது.

பிறகு வார்டுக்கு ஒரு தையல்காரர் வந்தார். கால் புண்ணுக்குச் சேர்ந்தவர், சர்க்கரைக்காரர், வாய் ஓயாதவர். தட்டு தாமதமானால் மணியை அழுத்திய விரலை எடுக்க மாட்டார். அவருக்குச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இன்சுலின் ஊசி. அன்று நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போன் செய்து கேட்டாள். “வண்டி கிளம்பிடுச்சும்மா, நீ போடு” என்றார் மாமா. வண்டியில் தட்டே ஏற்றவில்லை.

ஊசி போட்டாயிற்று. தையல்காரர் மணியை அடித்தார், திட்டினார், பிறகு பசி போய்விட்டது என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார். பசி போய்விட்டது, இன்சுலின் போகவில்லை. அது தன் பாட்டுக்கு ரத்தத்தில் இருந்த சர்க்கரையை இறக்கிக்கொண்டிருந்தது.

வார்டில் அமைதி. மாமா அந்த அமைதியைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நான் சுற்றி வரும்போது தையல்காரரின் தலையணை நனைந்திருந்தது. வியர்வை. கை நடுங்கியது. பெயரைக் கேட்டால் நாக்கு குழறி, “அந்த நீலத் துணிய மடி” என்றார். பிறகு அதுவும் இல்லை. நர்ஸ் ஓடி வந்து நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினாள். அவர் கண் திறக்கும்வரை அவள் அவர் மணிக்கட்டை விடவில்லை. ஊசி போட்டவள் அவள்தானே.

தட்டு அதற்குப் பிறகு வந்தது. பின்னாலேயே மாமாவும் வந்தார். தையல்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்காரு? நீங்கதான் சும்மா பதறுறீங்க” என்றார்.

விசாரணையில் நர்ஸுக்கு எச்சரிக்கை. மாமா போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. தட்டைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி என்று புது விதி வந்தது. அந்த விதிக்கே தான்தான் காரணம் என்று மாமா வீட்டு விருந்துகளில் சொல்லிக்கொண்டார். ஒருவகையில் அதுவும் உண்மை.

கடைசியில் மாமாவே இதயம் பலவீனப்பட்டு அதே வார்டில் படுத்தார். சமையலறையில் புது மேலாளர், பழைய வழக்கம். மதியம் மாமா மணியை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். “மச்சான், ஒரு மணியாச்சே. என்ன பண்றானுங்க?” என்று என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டிய வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கீழே போய் அவர் தட்டை நானே எடுத்து வந்தேன். அதற்குள் அவருக்குப் பசி அடங்கிவிட்டிருந்தது.

“வேணாம் மச்சான், இப்ப பசியில்ல.”

“பசிய யாரு கேட்டா? வாயத் தெறங்க மாமா” என்றேன்.

திறந்தார். இரண்டு வாய் விழுங்கிவிட்டு, உப்பு இல்லை என்று சமையல்காரனைத் திட்டினார். உப்பைக் குறைக்கச் சொல்லி எழுதியது நான். அதைச் சொல்லாமல் மூன்றாவது வாயை ஊட்டினேன்.