சிவப்புப் பூவும் ஜெர்மன் வகுப்பும்

ரேகாவுக்கு ஒரு வாரமாய்ச் சோறு இறங்கவில்லை. திருப்பதியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் நர்ஸ். நகரியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறாள். வெளிநாட்டு வேலைக்கு ஒரு பாஷை படிக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஜப்பானியமா, ஜெர்மனா என்பதில்தான் மனசு நிலைகொள்ளாமல் அலைந்தது. ஷிப்ட் வேலையோடு இரண்டு வகுப்புக்கும் போக முடியாது. வகுப்பு இரண்டும் திருப்பதியில், திங்கட்கிழமை ஆரம்பம்.

ஜப்பானிய வகுப்புக்காரர்கள் ஆசை காட்டினார்கள். அங்கே முதியோரைக் கவனிக்க ஆளில்லை, என்-ஃபோர் என்ற மொழிப் பரீட்சையும் பராமரிப்புப் பரீட்சையும் தேறினால் போதும், ஒரு வருஷத்துக்குள் விமானம் என்றார்கள். ஜெர்மன் அப்படியில்லை. ஏ-ஒன் என்ற முதல் படியில் தொடங்கி நாலாம் படியான பி-டூ வரை ஏறவேண்டும். அதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், பிறகு நர்ஸ் படிப்புக்கு அந்நாட்டு அங்கீகாரம் வாங்கவேண்டும். வார்டில் அவளோடு வேலை செய்யும் பிரியங்கா நாலு மாசமாய் ஜெர்மன் படிக்கிறாள்.

"நாக்கு சுளுக்கிக்கினு இருக்கு ரேகா. ஒரு பொருள் ஆணா பெண்ணா ரெண்டும் இல்லையான்னு தெரிஞ்சாத்தான் வாயத் தொறக்க முடியும்" என்று சிரிப்பாள்.

ரேகாவின் வீட்டுக்காரர் தனசேகர் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மே, எந்நேரமும் அதையே பேசிக்கினு இருந்தா எப்டி? மாரியாத்தா கிட்ட பூ கேட்டுடலாம் வா."

வெள்ளிக்கிழமை காலை மகள் கீர்த்தியையும் கூட்டிக்கொண்டு மூவரும் கோயிலுக்குப் போனார்கள். வெற்றிலையில் மடித்த இரண்டு பொட்டலம். சிவப்பு அரளி ஜப்பான், வெள்ளை ஜெர்மன். பூசாரி அம்மன் காலடியில் போட்டுக் கலைத்தார். குழந்தைதான் எடுக்கவேண்டும் என்பது வழக்கம். நாலு வயது கீர்த்தி குனிந்து ஒன்றை எடுத்து ரேகாவிடம் நீட்டினாள். சிவப்பு.

"முடிஞ்சிது போ" என்றார் தனசேகர்.

அவருக்கு முடிந்தது. ரேகாவுக்கு முடியவில்லை. அம்மன் சொன்ன பிறகும் ஏன் இப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஜப்பானில் இருக்கும் சுந்தரிக்குப் போன் போட்டாள். சுந்தரி புத்தூர்க்காரி, முன்பு ரேகாவோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்தவள்.

"நல்ல ஊருதான்டி. வேலையும் மரியாதையா இருக்கு. ஆனா நான் இங்க நர்ஸு இல்ல. தாத்தாக்களக் குளிப்பாட்றேன், சோறு ஊட்றேன். இங்க நர்ஸாவணும்னா அவங்க நாட்டுப் பரீட்சைய அவங்க பாஷைலயே எழுதணும். அதுக்கு பாஷைல உச்சப் படி, என்-ஒன்னு வேணும், எனக்கு அந்த எழுத்துங்களப் பாத்தாலே காய்ச்சல் வருது."

"புள்ளய எப்போ இட்டுக்கினு போவலாம்?"

"இந்த விசாவுல அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கலாம். ஆனா குடும்பத்தக் கூட்டிக்கினு வர முடியாது. பராமரிப்பு வேலைக்கு இங்க ஒரு பெரிய பரீட்சை இருக்கு, அதத் தேறினா வேற விசா, அப்போ கூட்டியாரலாம். உனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எத்தனை மாசம், எவ்வளவு சம்பளம், எப்போது விமானம் என்று மட்டுமே கேட்டிருந்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கீர்த்தி அந்தச் சிவப்புப் பூவைப் பொம்மையின் தலையில் சொருகிக்கொண்டிருந்தாள். தன் கையாலேயே தன் அம்மாவைத் தூரத்துக்கு அனுப்பும் பூவை எடுத்த குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னாள், "நான் ஜெர்மன்ல சேர்றேன்."

தனசேகர் தறிச் சத்தத்தில் கேட்காததுபோல இருந்தார். பிறகு தறியை நிறுத்தினார். "ஆத்தா சொன்னத மீறுறியா?"

"மீறல. எந்த பாஷைன்னு ஆத்தாவக் கேட்டேன். புள்ளய விட்டுட்டுப் போறதான்னு கேட்டேனா? அது நானே விசாரிச்சிருக்க வேண்டியது. அதப் போயி ஆத்தா தலைல கட்னேன்."

"ஜெர்மன்ல மட்டும் உடனே கூட்டிக்கினு போயிடுவியா?"

"உடனே இல்ல. வேலை நிலைச்சி, வீடு பாத்து, அப்புறம். ஆனா நர்ஸாவே போவேன். வழி இருக்கு. நீளந்தான்."

அவர் தறியைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ கோயில்ல ஒரு தேங்கா ஒடச்சி மன்னிப்பு கேட்டுட்டு வா" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தேங்காய் உடைத்தாள். பயம் போகவில்லை. பி-டூ தேறாமல் போனால் ஒரு வருஷமும் வீண். ஜப்பானாவது சீக்கிரம் முடிந்திருக்கும் என்று ரயில் ரேணிகுண்டா தாண்டும்வரை மனசு குடைந்தது. வகுப்பில் முதல் பாடம், உன் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள்.

தன் முறை வந்ததும் எழுந்து, பெயரும் ஊரும் தடுமாறித் தடுமாறிச் சொல்லி, பிறகு ஒரு பெண் குழந்தை என்று ஜெர்மனில் சொன்னாள். அதை மட்டும் பிழையில்லாமல் சொன்னதாக டீச்சர் தலையசைத்தார்.