ஹாரனை மாற்றிக் கொடுத்தேன்

பொன்னுவேலண்ணன் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். முழங்கால் போனபின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிட்டார்கள். ஓட்டுவதென்றால் இனி ஏற்காட்டில் என் கேம் சென்டரில்தான்.

கார் ஆட்டத்தில் மலைப்பாதை ஒன்று உண்டு. அதில் சாதனை நேரம் ஓட்டல்காரப் பையன் பிரவீனுடையது. அவன் பெயர்தான் சுவர்ப் பலகையில் முதலில் நிற்கும். "வாட்ச்மேன் அண்ணா, கேட்டைப் பாத்துக்குங்க, ரோட்ட நாங்க பாத்துக்கறோம்" என்பான். அண்ணன் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவர் ஓட்டிய லட்சணம்! வளைவுக்கு வளைவு பாறையில் மோதுவார். வயசாகிவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

அன்று அவர் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்தார். திரையில் தொடக்கக் கோட்டில் நின்ற காரின் சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"ஏனுங்ணா, இது இழுக்குதே, சொல்லவே இல்லீங்களே?"

"என்ற ஜீப்பும் இப்படித்தாங் கண்ணு இழுக்கும். வலப்பக்கமா லேசாப் புடிச்சுட்டே ஓட்டிக்குவேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒயரைப் பிடுங்கி வேறு யுஎஸ்பி துளையில் செருகினேன், அப்போதும் இழுத்தது. செட்டிங்கைத் திறந்தால், காரைத் திருப்பும் இடது குச்சி யாரும் தொடாமலே எட்டு சதவீதம் இடப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. தேய்ந்த குச்சி. நடுவில் எவ்வளவு அசைவைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் டெட் ஸோனை இருபத்தைந்தாக்கினேன். இழுப்பு நின்றது, ஆனால் மெல்லத் திருப்பினால் காரும் அசையவில்லை. பத்துக்கு இறக்கினேன். சரியாக நின்றது.

அப்படியும் வளைவில் தடுமாறினார். உற்றுப் பார்த்தேன். மனிதர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்கிறார்! இந்த ஆட்டத்தில் அதற்கு இடது குச்சியையே அழுத்த வேண்டும். அழுத்தும்போது திருப்பம் கெட்டுவிடுகிறது.

"எதுக்க யாரும் வரமாட்டாங்கண்ணா, ஹாரன உட்டுருங்க."

"வளைவுல ஹாரன் அடிக்காம எப்படிங் கண்ணு? நொம்பத் தப்பு."

இந்தப் பிடிவாதத்தோடு யார் மல்லுக்கட்டுவது? ஹாரனை எடுத்து மேலே இடது விரல் படும் பட்டனில் போட்டேன். குச்சியின் அழுத்தத்துக்கு எந்த வேலையும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரவீன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். அண்ணன் கிளம்பினார். பழைய நினைப்பில் கை முதலில் வலப்பக்கம் போயிற்று. இரண்டாம் வளைவுக்குள் அடங்கிவிட்டது. அப்புறம் ஹாரன், பிரேக், திருப்பம். ஹாரன், பிரேக், திருப்பம். கார் எங்கும் உரசவில்லை. கடையில் மற்ற ஆட்டங்கள் எல்லாம் நின்றுபோயின. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பிரவீனைவிட நான்கு வினாடி முந்தியிருந்தார். பையன்கள் அடித்த விசிலில் என் காது அடைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நானே பலகையில் அவன் பெயரை அழித்து "பொன்னுவேல்" என்று எழுதத் தொடங்கினேன்.

"இரு கண்ணு" என்று காலை இழுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "பேருக்கு முன்னால டிரைவர்னு போடு."