நோ சொன்ன சுப்புத்தாய்

என் பெரியம்மா மகள் சுப்புத்தாயிடம் யாராவது "சாப்பிடலியா?" என்று கேட்டால், ஆமா என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். "சாப்பிட்டேன்" என்பாள், இல்லாவிட்டால் "சாப்பிடல" என்பாள். சாகும்வரை அப்படித்தான். அவளைக் கட்டிக்கொடுத்த கரிவலம் ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். பிள்ளை இல்லை. அப்போது சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. சுப்புத்தாய் அங்கே துணைக்கு நிற்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கட்டுத்துணி துவைப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, அதுபோக டாக்டரம்மா வார்டைச் சுற்றி வரும்போது கூடப் போவது. அஞ்சாம் வகுப்பு படித்தவள், கெட்டிக்காரி. அங்கே கம்பவுண்டராக இருந்த நஜ்முதீன் அண்ணாச்சி மத்தியானம் மருந்து கட்டும் அறையில் வைத்து வேலைக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பார். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். அதட்டுவார், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் பெரிய அண்ணன் சம்சாரம் பேச்சித்தாய், சிவகிரிக்காரி. எனக்கும் சுப்புத்தாய்க்கும் மதினி. வயிற்றில் கட்டி வந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். கீறி எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீர்கூட ஆகாது என்று நர்ஸ் கோமதியம்மாள் வந்து மதினியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் சோறு இருந்தால் அது மேலே ஏறி மூச்சுக்குழாயில் போய் ஆளையே முடித்துவிடும். இது நர்சுக்குத் தெரியும். சுப்புத்தாய் வேலைக்குச் சேர்ந்த புதிது, அவளுக்குத் தெரியாது.

மதினியைப் பெற்ற அத்தைக்கு மனசு கேட்கவில்லை. கத்தி வைக்கப் போகிற பிள்ளை வெறும் வயிற்றோடு எப்படித் தாங்கும் என்று, விடிந்ததும் ஒரு கும்பா கஞ்சியை ஊட்டிவிட்டாள். அவள் கும்பாவைக் கழுவுவதைச் சுப்புத்தாய் பார்த்தாள்.

"மதினி குடிச்சாளா அத்தை?"

"முழுசும் குடிச்சிட்டா மக்கா. நீ யார்கிட்டயும் சொல்லிராத."

அன்றைக்குக் காலையில் கோமதியம்மாள் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டாள். அதனால் டாக்டரம்மா கூடச் சுப்புத்தாய் ஒருத்திதான் போனாள். மதினி கட்டில் பக்கம் வந்ததும் டாக்டரம்மா கேட்டாள்.

"ஹேஸன்ட் ஷி ஈட்டன்?"

இது தனக்குப் புரிந்துவிட்டது என்று சுப்புத்தாய் நினைத்தாள். சாப்பிடலியா என்று கேட்கிறாள். அத்தை சொல்லாதே என்றாலும், கேட்டவள் டாக்டர், பொய் சொல்லலாமா? இல்லை, சாப்பிட்டுவிட்டாள். அதைத்தான் சொன்னாள்.

"நோ, டாக்டர்."

"குட்," என்று தலையை ஆட்டிவிட்டு அந்த அம்மா போய்விட்டாள். கஞ்சி குடித்தது நல்லதுதான் போலிருக்கிறது என்று சுப்புத்தாய்க்குச் சந்தோஷம்.

மத்தியானம் மதினியை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இங்கே மருந்து கட்டும் அறையில் பாடம் நடந்தது. சுப்புத்தாய் களிம்பு குழைத்துக்கொண்டே பாடத்தைக் கவனித்தாள். வார்டு பையன் என்று கூப்பிட்டாலும் நாற்பது வயதான உச்சிமாகாளியை அண்ணாச்சி எழுப்பி நிறுத்தினார்.

"ஆர்ன்ட் யூ ஹங்க்ரி? பசிக்கலியான்னு கேக்கேன். சொல்லும்."

"நோ நோ. வயிறு காந்துது அண்ணாச்சி."

"அப்ப உமக்கு இன்னைக்குச் சோறு கிடையாதுவே."

"ஏன்? பசிக்குன்னுதான சொல்லுதேன்!"

"நீரு பசிக்கலன்னுலா சொல்லியிருக்கீரு!"

உச்சிமாகாளி முழித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சுப்புத்தாயும் சிரித்தாள். அண்ணாச்சி மேசையைத் தட்டினார்.

"இங்கன கவனிங்க. இங்கிலீஷை விடுங்க, நம்ம பேச்சைப் பாருங்க. பசிக்கலியான்னு ஒருத்தன் கேக்கான். நாம என்ன பண்ணுதோம்? கேட்டவன் நினைச்சது சரியா தப்பான்னு பாக்கோம். சரின்னா 'ஆமா, பசிக்கல'. தப்புன்னா 'இல்ல, பசிக்கு'. நம்ம ஆமாவும் இல்லையும் கேட்ட ஆளுக்குச் சொல்லுதது. வெள்ளைக்காரன் கேட்ட ஆளைப் பாக்க மாட்டான். வயித்தைப் பாப்பான். வயித்துல பசி இருக்கா? எஸ். இல்லியா? நோ. எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதேதான். எஸ்ஸுன்னா பின்னால 'ஐ யாம்'னு வரும். நோன்னா 'ஐ யாம் நாட்'னுதான் வரும். நோ சொல்லிட்டு 'ஐ யாம்'னு சொல்ல முடியாது."

"அப்ப நம்ம இல்லைக்கு அவுக எஸ்ஸா?" என்றார் உச்சிமாகாளி.

"இந்த மாதிரிக் கேள்விக்கு அப்படித்தான்."

சுப்புத்தாயின் கை நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, ஹேஸன்ட் ஷி ஈட்டன்னு கேட்டா?"

"சாப்பிட்டிருந்தா எஸ்."

"நோன்னு சொல்லியிருந்தா?"

"சாப்பிடலன்னு அர்த்தம். ஏம் தாயி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"மதினி கஞ்சி குடிச்சிருக்கா. நான் நோன்னு சொல்லிட்டேன்."

அண்ணாச்சி பதறிப் போனார். பட்டாளத்தில் சாவைப் பார்த்த மனுஷன். அவர் கத்திய கத்தலில்தான் கஞ்சியின் அர்த்தம் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

"மயக்க மருந்து ஆரம்பிச்சிருப்பாகளே! ஓடுட்டி!"

களிம்புக் கையோடு ஓடினாள். உள்ளே போகக் கூடாத கதவை மோதித் திறந்தாள். மதினி முகத்தில் துணி மூடி, கோமதியம்மாள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். மதினியின் கை அப்போதும் லேசாக அசைந்தது.

"எஸ் டாக்டர்! எஸ்! ஷி ஈட்டன்! கஞ்சி! கஞ்சி!"

டாக்டரம்மா திகைத்து நின்றாள். கோமதியம்மாள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். முகத்துணியைப் பிடுங்கி எறிந்தாள். டாக்டரம்மா மதினியை ஒருக்களித்துத் தள்ளி, தலையைத் தாழ்த்திப் பிடித்தாள். பிடித்த கை எடுக்குமுன் மதினி குமட்டினாள். காலையில் குடித்த கஞ்சி முழுக்கத் தரையில் கொட்டியது. பருக்கை பருக்கையாக. இன்னும் கொஞ்சம் மயங்கியிருந்தால் அதெல்லாம் எங்கே போயிருக்கும்! மதினி இருமினாள், அப்புறம் "அம்மா" என்று முனகினாள். அதைக் கேட்ட பிறகுதான் கோமதியம்மாள் அழுதாள்.

ஆபரேஷனை அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் டாக்டரம்மா சுப்புத்தாயைக் கூப்பிட்டாள். தெரிந்தே மறைத்தாள் என்றால் வேலை போய்விடும். வாசலில் அண்ணாச்சி நின்றார், வாயைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. டாக்டரம்மா கேட்டாள்.

"டிடின்ட் யூ அண்டர்ஸ்டாண்ட் மை க்வெஸ்சன்?"

மறுபடியும் அதே மாதிரிக் கேள்வி. என் கேள்வி உனக்குப் புரியலியா என்று கேட்கிறாள். சுப்புத்தாய் வாயில் "எஸ்" வந்து நின்றது. ஆமாம்மா, புரியல என்று சொல்லத் தவித்தது. எஸ் என்றால் புரிந்தது என்று ஆகிவிடும், புரிந்தும் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். அவள் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலையில் நடந்ததை மட்டும் பார்த்தாள். புரிந்ததா? புரியவில்லை.

"நோ, டாக்டர். ஐ டிட் நாட்."

வாசலில் அண்ணாச்சி மூச்சு விட்டது உள்ளே கேட்டதாம். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கேட்ட மாதிரியில் தன் பங்கும் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னதை அண்ணாச்சி பிறகு தமிழில் எடுத்துச் சொன்னார். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றி யாரும் "சாப்பிடலியா, தூங்கலியா" என்று கேட்கவே இல்லை. "என்ன சாப்பிட்டாள், எப்போது?" என்றுதான் கேட்டார்கள்.

மதினிக்கு அடுத்த வாரம் கட்டியை எடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனாள். சுப்புத்தாய் அங்கேயே நர்சு வேலை பழகி, தலை நரைக்கும்வரை இருந்தாள்.

கடைசியில் அவள் படுக்கையில் கிடந்தபோது நான் பார்க்கப் போனேன். பழக்கதோஷம், வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வலிக்கலியாக்கா?"

"வலிக்கு," என்றாள்.