அப்பாவின் இடது கை

எங்கள் அப்பா செத்துப்போன சேதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலையாகத்தான் அது என்னிடம் வந்தது.

கோரிப்பாளையத்தில் ஒரு கலர் லேபில் அப்போது நான் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் வேலை பார்த்தேன். சுற்றுவட்டார ஊர்களில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் பழைய படங்களை எங்களிடம் கொண்டுவருவார்கள். கிழிந்ததை ஒட்டுவது, கூட்டத்தில் நிற்கிறவரைத் தனியாக எடுப்பது, மூடிய கண்ணைத் திறப்பது எல்லாம் செய்வோம். பாதி வேலை மாலை போடுவதற்கான படங்கள்தான். உயிரோடு இருக்கும்போது ஒருத்தரையும் தனியாக உட்காரவைத்துப் படம் எடுக்க மாட்டார்கள். செத்த பிறகு ஓடிவருவார்கள்.

அன்றைக்கு வந்தவர் எங்கள் ஊர்ப் பக்கம், வாடிப்பட்டியில் புதிதாக ஸ்டூடியோ தொடங்கியவர். என்னைத் தெரியாது. உறையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

“கருமாதிக்கு வேணும்மா. பெரியவரு மட்டும் இருக்கட்டும். பக்கத்துல நிக்கிற புள்ளைய எடுத்துருங்க. ஓடிப்போன கழுதையாம். வீட்ல மூஞ்சியப் பாக்கவே புடிக்கலையாம்.”

நாற்காலியில் அப்பா. பக்கத்தில் பச்சைத் தாவணியில் நான்.

ஸ்டூடியோக்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார். “எப்பண்ணே தவறுனாரு?” என்று மட்டும் கேட்டேன். போன வாரமாம். “நாளைக்கு வாங்க” என்றேன். அவர் போன பிறகு கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடப் பாவிகளா, ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, எனக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை. சௌராஷ்டிர வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டதற்கு இம்புட்டுத் தண்டனையா?

அந்தப் படம் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் எடுத்தது. அழகர்கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நான்தான் அடம்பிடித்து ஸ்டூடியோவுக்குள் இழுத்துப் போனேன். அப்பாவுக்குப் படம் எடுப்பதென்றாலே ஆகாது. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். பம்புசெட்டு பெல்ட் தின்றது. வெளியாட்கள் முன்னால் அந்தக் கையைத் துண்டுக்குள்தான் வைத்திருப்பார். அன்றைக்கும், “இந்தப் பக்கம் வந்து நில்லு ஆத்தா. கை தெரியாம நில்லு” என்றார். அதனால்தான் அவருடைய இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் அந்தக் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. லைட்டைப் பார்த்தால் அவருக்கு அப்படி ஒரு கூச்சம்.

வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. நானே உட்கார்ந்தேன்.

ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது என் முகம் திரை முழுக்க நின்றது. சிரித்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குப் பின்னால் இருந்த திரைச்சீலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து என் மேல் பூசினேன். தலை போனது, தாவணி போனது. ஆனால் ஆளை எடுத்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. ஆள் நின்ற இடத்தில் ஒன்றுமே இருக்காது. அப்பாவுக்கு இடது தோளில் பாதி இல்லை, கை இல்லை, நாற்காலிக்கு ஒரு பக்கத்துக் கைப்பிடி இல்லை. இதற்கு எல்லாரும் செய்கிற வழிதான் எனக்கும்: தெரிகிற வலது கையைத் தோளோடு நகலெடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி அந்தப் பக்கம் பொருத்துவது. கைப்பிடியையும் அப்படியே. திருப்பினால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் விளக்கு அடித்த மாதிரி இருக்கும். அதனால் புதுக் கையைக் கொஞ்சம் இருட்டாக்கினேன். வலது கை மோதிரம் இங்கேயும் வந்திருந்தது, அழித்தேன். சட்டைப் பையில் பாதி என் தாவணிக்குப் பின்னால் இருந்தது. மீதிப் பாதியைத் தையல் கோட்டோடு வரைந்து சேர்த்தேன். என் நிழல் அவர் வேட்டியில் விழுந்திருந்தது. அதையும் துடைத்தேன்.

முடித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அப்பா தனியாக, இரண்டு கையையும் நாற்காலியில் வைத்துக்கொண்டு, பத்து விரலோடு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் வீட்டில் உள்ளவர்களைக் கேட்கத் தோன்றியது: என்னை எடுக்கச் சொன்னீர்களா? நான் எதை மறைத்துக்கொண்டு நின்றேன் என்று பாருங்கள். சுண்டுவிரலை நடுக் கணுவோடு வெட்டினேன். நகத்தை எடுத்து, நுனியை மொழுக்கென்று ஆக்கினேன். அந்த விரலைப் பார்த்து வரையத் தேவையில்லை. சின்ன வயசில் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன்.

ஸ்டூடியோக்காரர் மறுநாள் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒரு விரல் கொறையுதேம்மா?” என்றார்.

“அப்படியே குடுங்கண்ணே. வீட்ல தெரியும்.”

இரண்டு நாள் கழித்து என் அண்ணன் வந்து நின்றான். மொட்டைத் தலை. கையில் செய்தித்தாள் சுற்றிய படம். “வாண்ணே” என்று எழுந்தேன். அத்தனை கோபத்திலும் ஒரு நப்பாசை. கூப்பிடத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“விரலைப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு” என்றான். “உசுரோட இருந்த வரைக்கும் அந்தக் கையை அவரு ஒருத்தனுக்கும் காட்டல. செத்த பொறகு சாதிசனம் அம்புட்டுக்கும் நீ காட்டுறியா?”

“மறைக்கத்தான்ணே என்னைய அங்கன நிப்பாட்டுனாரு. என்னைய எடுக்கச் சொன்னது நீ.”

அவன் செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை என் முன்னால் வைத்தான். “முழு விரலாப் போட்டுக் குடு.”

தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? உட்கார்ந்தேன். அவன் பின்னால் நின்று பார்த்தான். பழைய படத்தின் மேல் அடுக்கடுக்காக வைத்திருந்த திருத்தங்களை எல்லாம் ஒரு சொடுக்கில் மறைத்தேன். அடியில் இருந்த பழைய படம் மேலே வந்தது: பச்சைத் தாவணியும் சிரிப்புமாக நான், என் ஓரத்தில் அப்பா. அண்ணனின் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது.

“அதை மூடு” என்றான்.

மூடினேன். திருப்பி வைத்த வலது கையின் சுண்டுவிரல் அடியில் முழுசாக அப்படியே இருந்தது. வெட்டியதை எடுத்துவிட்டால் போதும், விரல் முளைத்துவிடும். முளைத்தது. பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்துக் கையில் கொடுத்தேன்.

“கருமாதிக்கு நான் வரட்டாண்ணே? ஓரமா நின்னுட்டு வந்துருவேன்.”

“படம் வருதுல்ல,” என்றான், “அது போதும்.”

பின்னாளில் அம்மா செத்தபோதுதான் அந்த வீட்டுக்குள் என்னை விட்டார்கள். கூடத்தில் அப்பா மாலையோடு தொங்கினார். வந்தவர்களில் ஒரு கிழவி அண்ணாந்து பார்த்து, “எம்புட்டு லட்சணமா உக்காந்திருக்காரு மனுசன்” என்றாள். பார்த்தேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது, சட்டைப் பைத் தையல்கூடக் கோணவில்லை. இரண்டுமே அவருடைய வலது கை. என்னைப் பிடித்திருந்த கை அந்த வீட்டில் எங்கேயும் இல்லை.